மெயிலில் ஏழு கேள்வி வந்தால் பதிலை எங்கே எழுதுவது? மேலேயா, கேள்விக்குக் கீழேயா? குழப்பம் எங்கே வருகிறது?

வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் இருந்து நீளமான மெயில் வருகிறது. அதில் ஏழு கேள்விகள். 'ரிப்ளை' பொத்தானைத் தொட்டதும் கர்சர் மேலே நிற்கிறது. அங்கேயே கடகடவென்று நாலு வரி அடித்து அனுப்பிவிடுகிறோம். அனுப்பியவருக்கு வேலை முடிந்தது. படிப்பவருக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது: எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு?

பதிலை மொத்தமாக மேலே எழுதுவது நல்லதா, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தனித்தனியாக எழுதுவது நல்லதா என்பது மின்னஞ்சல் உலகில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வாதம். எந்த முறை எப்போது உதவும், எது எங்கே சொதப்பும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

இரண்டு முறைகள் என்னென்ன?

முதலாவது, மேலே எழுதுவது. உங்கள் பதில் மேலே இருக்கும். வந்த மெயில் முழுவதும் அப்படியே கீழே தொங்கும். ஜிமெயில், அவுட்லுக் போன்றவை ரிப்ளை கொடுத்தவுடன் கர்சரை மேலே வைப்பதால் இன்று பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். ஆங்கிலத்தில் இதை 'டாப் போஸ்டிங்' என்பார்கள்.

இரண்டாவது, இடையிடையே எழுதுவது. வந்த மெயிலின் ஒரு கேள்வியை வைத்து, அதற்குக் கீழே உங்கள் பதில். பிறகு அடுத்த கேள்வி, அதன் பதில். தேவையில்லாத வரிகளை நீக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் 'இன்லைன் ரிப்ளை'. எது பழைய வரி, எது புதிய பதில் என்று தெரிவதற்காகப் பழைய வரியின் முன்னால் `>` என்ற குறி இருக்கும். சில ஆப்களில் இந்தக் குறிக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு தெரியும்.

ஒரு உதாரணம்: சீவலப்பேரி நிலமும் ஏழு கேள்விகளும்

இது புரிவதற்காகச் சொல்லும் கற்பனை உதாரணம். சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியில் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் சிங்கப்பூரில், அக்கா சென்னையில், தம்பி ஊரில். நிலத்தைப் பாகம் பிரிக்க வேண்டும். தாலுகா ஆபீஸ், வக்கீல் என்று அலைவது தம்பி. அண்ணன் இப்படி ஒரு மெயில் போடுகிறார்:

"தம்பி, நல்லா இருக்கியா? பட்டா இன்னும் அப்பா பேர்லதான் இருக்கா? வில்லங்கச் சான்று எடுத்தாச்சா, எந்த வருஷத்துல இருந்து எடுத்தே? சர்வேயர் வந்து அளந்துட்டாரா? பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நான் நேர்ல வரணுமா, இல்ல பவர் அனுப்பினா போதுமா? மோட்டார் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு? அக்கா பங்கு எந்தப் பக்கம், ஆத்துப் பக்கமா ரோட்டுப் பக்கமா? வக்கீல் பீஸ் எவ்வளவு சொன்னாரு?"

தம்பி பஸ்ஸில் போய்க்கொண்டே மேலே பதில் அடிக்கிறார்:

"அண்ணே, ஆமா அப்பா பேர்லதான் இருக்கு. எடுத்தாச்சு. அடுத்த புதன் வாராங்களாம். ஆமா. அதுவும் அப்பா பேர்லதான். ரோட்டுப் பக்கம்தான் கேக்காங்க. மத்தத போன்ல பேசுவோம்."

அவசரமாக அடித்ததுதான், ஆனால் தம்பிக்கு எல்லாமே தெளிவாக இருக்கிறது. எழுதும்போது அண்ணனின் கேள்விகள் அவர் கண் முன்னால் இருந்தன. அண்ணனுக்கு அப்படி இல்லை. அவர் கேள்வி கேட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது.

இந்தப் பதிலில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. நான்குமே மேலே எழுதும் முறையில் அடிக்கடி வருபவைதான்.

முதல் ஓட்டை, விட்டுப்போன கேள்வி. வக்கீல் பீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியாது. "மத்தத போன்ல பேசுவோம்" என்பதற்குள் அது அடங்குமா என்றும் தெரியாது. மேலே எழுதும்போது ஒரு கேள்வி நழுவினால் அந்த இடத்தில் எந்த வெற்றிடமும் தெரியாது. அதனால் எழுதியவரும் கவனிக்க மாட்டார்.

இரண்டாவது, பாதிப் பதில். வில்லங்கச் சான்று பற்றிய கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எடுத்தாச்சா என்பதற்குப் பதில் வந்துவிட்டது. எந்த வருஷத்தில் இருந்து என்பதற்கு வரவில்லை. பழைய பத்திரம் உள்ள நிலத்துக்கு முக்கியமானது இந்த இரண்டாவது பாதிதான். கடைசி சில வருடங்களுக்கு மட்டும் எடுத்த சான்றில், அதற்கு முன்னால் வைத்த அடமானம் தெரியவே தெரியாது.

மூன்றாவது, எதற்கென்றே தெரியாத 'ஆமா'. "நேர்ல வரணுமா, இல்ல பவர் அனுப்பினா போதுமா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்று பதில். நேரில் வரணும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பவர் போதும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தப்பாகப் புரிந்துகொண்டால் அண்ணனுக்கு ஒரு விமான டிக்கெட் வீண், அல்லது பத்திரப் பதிவு தேதி தள்ளிப்போகும்.

நான்காவது, 'அது', 'அதுவும்'. "அதுவும் அப்பா பேர்லதான்" என்றால் எது? மோட்டார் கனெக்‌ஷன்தான் என்பதைக் கண்டுபிடிக்க அண்ணன் கீழே போய்த் தன் கேள்விகளை விரல் விட்டு எண்ண வேண்டும். முதல் கேள்விக்கு முதல் பதில், இரண்டாவதற்கு இரண்டாவது என்று வரிசையாக எண்ணினால்தான் பொருந்தும். நடுவில் ஒரு பதில் குறைந்தால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு படி மாறிவிடும்.

அதே பதில், கேள்விக்குக் கீழே

இப்போது தம்பி அதே தகவலை இடையிடையே எழுதினால் எப்படி இருக்கும்? மூன்று கேள்விகளை மட்டும் பார்ப்போம்:

```
> வில்லங்கச் சான்று எடுத்தாச்சா,
> எந்த வருஷத்துல இருந்து எடுத்தே?

எடுத்தாச்சு. 1975-ல இருந்து இன்னைக்கு
வரைக்கும். அடமானம் எதுவும் இல்ல.

> நான் நேர்ல வரணுமா, இல்ல பவர்
> அனுப்பினா போதுமா?

பவர் போதும்னு வக்கீல் சொல்லுதாரு.
நீங்க வர வேண்டாம்.

> வக்கீல் பீஸ் எவ்வளவு சொன்னாரு?

இன்னும் கேக்கல. வெள்ளிக்கிழமை
பாக்கப் போறேன், கேட்டுச் சொல்லுதேன்.
```

என்ன மாறியது என்று கவனியுங்கள். தம்பிக்குத் தெரிந்த விஷயம் அதேதான். ஆனால் கேள்வி கண் முன்னால் இருப்பதால், "எந்த வருஷத்துல இருந்து" என்ற பாதியையும் அவரே பார்த்துவிட்டார். 'ஆமா' என்று மட்டும் எழுத அவருக்கே கை வரவில்லை. பீஸ் பற்றித் தெரியாது என்றாலும், கேள்விக்குக் கீழே இடம் காலியாக நிற்பதால் "இன்னும் கேக்கல" என்றாவது எழுத வேண்டியதாகிவிட்டது. அண்ணனுக்கு அந்த ஒரு வரியே போதும். மறந்துவிட்டானோ என்ற சந்தேகம் போய்விடும்.

ஆக, இந்த முறை படிப்பவருக்கு மட்டுமல்ல, எழுதுபவருக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் மாதிரி வேலை செய்கிறது.

மெயிலை மூன்றாவது ஆள் படித்தால்?

சூழல் தெளிவாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இந்தப் பரிமாற்றத்தில் இல்லாத ஒருவருக்கு அந்தப் பதிலை மட்டும் காட்டினால் புரியுமா?

அண்ணன் தம்பியின் பதிலை அப்படியே அக்காவுக்கும் பாளையங்கோட்டை வக்கீலுக்கும் ஃபார்வர்டு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே எழுதிய பதில் என்றால், வக்கீல் முதலில் "எடுத்தாச்சு. அடுத்த புதன் வாராங்களாம். ஆமா." என்று படிப்பார். ஒன்றும் புரியாமல் கீழே இறங்கிக் கேள்விகளைப் படித்து, மறுபடியும் மேலே ஏறி வருவார். போனில் இது இன்னும் கஷ்டம். கேள்வியும் பதிலும் ஒரே திரையில் தெரியாது.

'அடுத்த புதன்' என்பதும் சிக்கல்தான். மெயில் ஒரு வாரம் கழித்து ஃபார்வர்டு ஆனால் அது எந்தப் புதன்? மற்றவர்கள் படிக்க வாய்ப்புள்ள மெயிலில் தேதியையே எழுதிவிடுவது நல்லது.

இடையிடையே எழுதிய பதிலில் ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும். வக்கீல் தனக்குத் தேவையான பவர் பற்றிய கேள்வியை மட்டும் பார்த்தாலே போதும். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் புரியும்.

கோர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் வழக்கம்தான்

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுப் பழக்கம் இல்லை. நம் ஊர் கோர்ட்டிலும் அரசு அலுவலகங்களிலும் இதற்கு 'பத்திவாரி பதில்' என்று பெயர். 'பாராவைஸ் ரிமார்க்ஸ்' என்று சொன்னால் எந்த அலுவலக ஊழியருக்கும் தெரியும். வழக்கு மனுவின் 1-வது பத்திக்கு இது பதில், 2-வது பத்திக்கு இது பதில் என்று எண் போட்டு எழுதுவார்கள்.

இதற்குப் பின்னால் சட்டக் காரணமும் உண்டு. 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 8-வது கட்டளை, பிரதிவாதி பொத்தாம்பொதுவாக மறுத்தால் போதாது, வாதி சொன்ன ஒவ்வொரு விஷயத்தையும் குறிப்பிட்டு மறுக்க வேண்டும் என்கிறது. குறிப்பாக மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதாவது, விட்டுப்போன பதிலும் அங்கே ஒரு பதில்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனுப் போட்டவர்களுக்கும் இது பழக்கம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கேள்விகளை எண் போட்டு அனுப்பினால், பல அலுவலகங்கள் அதே எண்களை வைத்துப் பதில் தருகின்றன. 4-வது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதை வைத்தே முதல் மேல்முறையீடு எழுதலாம்.

மின்னஞ்சல் உலகம் என்ன சொல்கிறது?

1995 அக்டோபரில் `RFC 1855` என்ற ஆவணம் வந்தது. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கான வழிகாட்டி அது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்தது. பதில் எழுதும்போது பழைய செய்தியின் சாரத்தை மேலே சொல்லுங்கள், அல்லது சூழல் புரியும் அளவுக்கு மட்டும் பழைய வரிகளை வையுங்கள் என்பது அதில் உள்ள அறிவுரை. முழு மெயிலையும் கீழே தொங்கவிடுவது அதில் சேராது.

லினக்ஸ் கெர்னல் உருவாக்குபவர்கள் இன்றும் இதில் கறார். அவர்களுடைய அதிகாரபூர்வ வழிகாட்டியிலேயே, மேலே எழுதுவதைத் தவிருங்கள், தேவையான வரிகளை மட்டும் வைத்து இடையிடையே பதில் எழுதுங்கள் என்று இருக்கிறது. அங்கே ஒரு மெயிலில் நூற்றுக்கணக்கான வரி நிரல் வரும். எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டாவிட்டால் வேலையே நடக்காது.

அப்படியானால் மேலே எழுதும் முறை எப்படி ஜெயித்தது? ஒரு காரணம், ஆப்கள் கர்சரை மேலே வைத்தது. இன்னொன்று, பழைய மெயிலைத் தேடுவது சுலபமானது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி வந்த ஜிமெயில், ஒரே விஷயம் பற்றிய மெயில்களை ஒரே உரையாடலாக அடுக்கிக் காட்டியது. ஒவ்வொரு மெயிலுக்குள்ளும் `Message-ID` என்று ஓர் அடையாள எண் இருக்கும். பதில் மெயிலில் உள்ள `In-Reply-To`, `References` ஆகிய பகுதிகள் அது எந்த மெயிலுக்கான பதில் என்று சொல்லும். அவற்றின் உதவியோடு ஆப் மெயில்களைக் கோர்த்துவிடும். முந்தைய மெயில் ஒரு தொடுதலில் கிடைக்கும்போது, அதை எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள்.

இதில் பாதி நியாயம் இருக்கிறது. மெயில் கோர்வையாக இருந்தால் எந்த மெயிலுக்கு இது பதில் என்று தெரியும். ஆனால் அந்த மெயிலில் உள்ள ஏழு கேள்விகளில் எந்தக் கேள்விக்கு என்பது தெரியாது. அதை எந்த ஆப்பும் கோர்த்துத் தராது.

இன்லைன் பதில் எங்கே சொதப்பும்?

முதல் சிக்கல், பதில் வந்ததே தெரியாமல் போவது. ஜிமெயில், திரும்பத் திரும்ப வரும் பழைய வரிகளை மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மறைத்துவிடும். நீங்கள் மேலே "வணக்கம் அண்ணே" என்று மட்டும் எழுதி, பதில்களைக் கீழே பழைய மெயிலுக்குள் வைத்தால், சில நேரம் எதிரில் இருப்பவருக்கு "வணக்கம் அண்ணே" மட்டும்தான் தெரியும். வெற்று மெயில் அனுப்பியிருக்கிறான் என்று நினைப்பார். இதற்கு மருந்து ஒரே வரி: "பதில்கள் கீழே உங்கள் கேள்விகளுக்குள் இருக்கின்றன" என்று மேலே எழுதிவிடுவது.

இரண்டாவது, கலர் மாற்றி எழுதுவது. "என் பதில்கள் சிவப்பு நிறத்தில்" என்று அலுவலகங்களில் எழுதுவது உண்டு. பிரின்ட் எடுத்தால் எல்லாம் கறுப்பு. எழுத்து மட்டும் காட்டும் வடிவில் மெயில் போனால் நிறம் காணாமல் போகும். டார்க் மோடில் சில நிறங்கள் படிக்கவே முடியாது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் பயன்படாது. நிறம் போட்டாலும், ஒவ்வொரு பதிலின் முன்னால் "பதில்:" என்றோ உங்கள் பெயரையோ எழுதிவிடுங்கள். கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் வழக்கமான அவுட்லுக்கில் இதற்கென்றே அமைப்பு உண்டு. `Options`, `Mail`, `Replies and forwards` என்று போய் `Preface comments with` என்பதைத் தேர்ந்தெடுத்தால், பழைய மெயிலுக்குள் எழுதும்போது உங்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் தானாக வரும்.

மூன்றாவது, பல சுற்று போவது. அண்ணன் தம்பியின் பதிலுக்குள் மறுகேள்வி எழுதி, தம்பி அதற்குள் மறுபதில் எழுதி, அக்காவும் நடுவில் நுழைந்தால் `>`, `>>`, `>>>` என்று குறிகள் அடுக்கடுக்காக ஏறும். எது யார் சொன்னது என்று யாருக்கும் புரியாது. போன் திரையில் ஒவ்வொரு அடுக்கும் வலது பக்கம் தள்ளிப்போய், கடைசியில் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கும். இரண்டு சுற்று தாண்டினால் நிறுத்திவிட்டு, "இதுவரை முடிவானது இது, பாக்கி இது" என்று புதிதாக எழுதுவதுதான் நல்லது.

நான்காவது, சண்டை மாதிரித் தெரிவது. யாராவது மனக்கஷ்டத்தோடு எழுதிய மெயிலை வரி வரியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினால் அது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும். "அக்கா பங்கு எந்தப் பக்கம்" என்பது கேள்வி; பத்திவாரியாகப் பதில் சொல்லலாம். "என்னை யாரும் கேட்கவே இல்லையே" என்று அக்கா எழுதினால் அது கேள்வி இல்லை. அதற்கு மேலே, முழு வாக்கியமாக, ஒரே பதிலாக எழுதுவதுதான் சரி. முடிந்தால் போனில் பேசுவது இன்னும் நல்லது.

பழைய வரியை மாற்றிவிட முடியுமா?

முடியும். இது பலருக்குத் தெரியாத விஷயம். பதில் எழுதும்போது கீழே இருக்கும் பழைய மெயில் வெறும் நகல்தான். அதில் ஒரு எழுத்தை நீக்கலாம், சேர்க்கலாம், எண்ணை மாற்றலாம். தெரியாமல் கை பட்டு "10 சென்ட்" என்பது "1 சென்ட்" ஆகவும் வாய்ப்பு உண்டு. எந்த ஆப்பும் எச்சரிக்காது.

அதனால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. பணம், நிலம், தேதி சம்பந்தப்பட்ட பதிலில், மேற்கோள் வரியை நம்பாமல் உங்கள் பதிலிலேயே எண்ணை மறுபடி எழுதுங்கள். பிறகு, கேள்வி வந்த மூல மெயிலை அழிக்காதீர்கள். பின்னால் தகராறு வந்தால் யார் என்ன கேட்டார் என்பதைக் காட்ட அந்த மூல மெயில்தான் தேவைப்படும்.

தேவையில்லாத வரிகளை நீக்குவது தப்பில்லை. ஆனால் ஒரு கேள்வியின் பாதியை மட்டும் வெட்டி, அர்த்தம் மாறும்படி வைக்கக் கூடாது. "பவர் அனுப்பினா போதுமா?" என்பதை மட்டும் வைத்து, "நேர்ல வரணுமா" என்பதை வெட்டினால் படிப்பவருக்கு வேறு கேள்வி கேட்ட மாதிரி ஆகும்.

அப்போ எதுதான் சரி?

ஒரே கேள்வி, ஒரே பதில் என்றால் மேலே எழுதுவதே போதும். "நாளை வரலாமா?" "வரலாம், 11 மணிக்கு." இதற்கு இன்லைன் தேவையே இல்லை. நிறையப் பேர் இருக்கும் மெயிலில் முடிவை மட்டும் அறிவிப்பதற்கும் மேலே எழுதுவதுதான் நல்லது.

மூன்று கேள்விக்கு மேல் போனால், அல்லது ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு மாதிரிப் பதில் என்றால், இடையிடையே எழுதுவதுதான் சூழலைத் தெளிவாக வைக்கும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இரண்டையும் கலந்த முறை. மேலே இரண்டு மூன்று வரியில் முக்கிய முடிவு. கீழே கேள்வி வாரியாக விவரம். தம்பியின் மெயில் இப்படித் தொடங்கலாம்:

```
அண்ணே, நீங்க வர வேண்டாம், பவர்
அனுப்பினா போதும். சர்வே மட்டும்தான்
பாக்கி. வக்கீல் பீஸ் இன்னும் கேக்கல.
ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கீழே.
```

அண்ணன் வேலை இடைவேளையில் நோட்டிஃபிகேஷனில் இந்த வரிகளைப் பார்த்தாலே பாதிக் கவலை போய்விடும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மீதியைப் படிப்பார்.

போனில் செய்வது எப்படி?

போன் ஆப்பில் ரிப்ளை கொடுத்ததும் பழைய மெயில் பெரும்பாலும் மறைந்திருக்கும். மூன்று புள்ளிகளைத் தொட்டால் விரியும். பிறகு கேள்வி முடியும் இடத்தில் கர்சரை வைத்து, என்டர் தட்டிப் பதிலை எழுதலாம். சில ஆப்களில் உங்கள் பதிலும் பழைய வரியின் ஓரக்கோட்டுக்குள்ளேயே போய்விடும். அப்படி ஆனால் யார் எழுதியது என்று தெரியாது. "பதில்:" என்று முன்னால் போட்டால் தப்பிக்கலாம்.

இது தொல்லையாக இருந்தால் வேறு வழி: பழைய மெயிலைத் தொடவே வேண்டாம். மேலே எண் போட்டு, கேள்வியின் இரண்டு மூன்று வார்த்தைகளைச் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

```
1. பட்டா: அப்பா பேர்லதான் இருக்கு.
2. வில்லங்கம்: 1975-ல இருந்து எடுத்தாச்சு.
3. சர்வே: இன்னும் இல்ல. 12-ம் தேதி
   வாராங்க.
4. நேர்லயா, பவரா: பவர் போதும்.
```

பார்க்க மேலே எழுதிய பதில்தான். ஆனால் கேள்வியின் தலைப்பு கூடவே வருவதால் இன்லைன் பதிலின் வேலையைச் செய்துவிடுகிறது. வெறும் "1. ஆமா 2. ஆமா 3. இல்ல" என்று எழுதினால் இந்தப் பலன் கிடைக்காது. தலைப்பு வார்த்தைதான் முக்கியம்.

கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்கள், கணக்கு அமைப்பில் உள்ள `Composition & Addressing` பகுதியில் பதிலை மேற்கோளுக்குக் கீழே தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் மெயிலில், ஒரு மெயிலின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்ளை கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் மேற்கோளாக வரும்.

கேட்பவர் செய்ய வேண்டியது

குழப்பத்தில் பாதி, கேட்கும் விதத்திலேயே ஆரம்பிக்கிறது. அண்ணன் ஏழு கேள்வியையும் ஒரே பத்தியில் எழுதினார். அதில் இரண்டு கேள்விகளுக்குள் இரண்டிரண்டு கேள்விகள். அவரே 1, 2, 3 என்று எண் போட்டு, ஒரு வரிக்கு ஒரு கேள்வி என்று எழுதியிருந்தால், தம்பி எந்த முறையில் பதில் சொன்னாலும் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

'இதுவா, அதுவா' கேள்வியையும் மாற்றிக் கேட்கலாம். "நேர்ல வரணுமா, இல்ல பவர் போதுமா?" என்பதற்குப் பதில் "நான் நேர்ல வரணுமா?" என்று மட்டும் கேட்டால், 'ஆமா' என்றாலும் 'வேண்டாம்' என்றாலும் அர்த்தம் ஒன்றுதான். அந்த 'வேண்டாம்' வந்த பிறகு பவர் பற்றித் தனி மெயிலில் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் எழுதிய பவரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுவது, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்துவது என்று அதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை தனியாக இருக்கின்றன.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

வந்த மெயிலில் எத்தனை கேள்விக்குறி இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் பதிலில் அத்தனை பதில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்" என்பதும் பதில்தான். பிறகு 'ஆமா', 'இல்ல', 'அது' என்று மட்டும் நிற்கும் வரிகளைத் தேடுங்கள். கேள்வியைப் பார்க்காத ஒருவருக்கு அந்த வரி புரியாது என்றால், கேள்வியின் இரண்டு வார்த்தையைக் கூடச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.